‘ஆன்லைன்ல புக் பண்ற மாதிரி’

“மண்டபத்துக்கு ஒரு வெப்சைட் வேணும் தம்பி. போட்டோ எல்லாம் இருக்கணும், ஆன்லைன்ல புக் பண்ற மாதிரி இருக்கணும். சிம்பிளா போதும். எவ்வளவு ஆகும்?”

கல்யாண மண்டப உரிமையாளர் ஒருவர் இப்படிக் கேட்டால் உடனே விலை சொல்லிவிடக் கூடாது. முதலில் வேலையைப் பிரித்து எழுத வேண்டும். ஐ.டி. துறையில் இதை ஒர்க் பிரேக்டவுன் ஸ்ட்ரக்சர் என்பார்கள்.

தாளின் உச்சியில் ‘மண்டப வெப்சைட்’. அதன் கீழே பக்க வடிவமைப்பு, எழுத்தும் படங்களும், புக்கிங், டொமைனும் ஹோஸ்டிங்கும், சோதனையும் ஒப்படைப்பும் என்று கிளைகள். கிளையின் நுனியில் இருப்பது கையில் கொடுக்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். ‘டிசைன் பண்ணுதல்’ என்று எழுதினால் அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. ‘உரிமையாளர் ஒப்புக்கொண்ட முகப்புப் பக்கம்’ என்று எழுதினால் முடிந்ததா இல்லையா என்பது தெளிவு.

இந்த மரத்தில் வில்லங்கமான கிளை புக்கிங்தான். அவர் மனதில் இருப்பது விசாரணைப் படிவமாக இருக்கலாம்: பெயர், போன், தேதி வந்தால் மேனேஜர் திருப்பி அழைப்பார். இது ஓரிரு நாள் வேலை. காலியான தேதிகளைக் காட்டும் காலண்டர் என்றால் கதை மாறுகிறது. முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்றால் ஒரு புக்கிங் இரண்டு தேதிகளைப் பிடிக்கும். மேனேஜரின் டைரியில் எழுதியதைக் காலண்டரில் யார் ஏற்றுவது? அவருக்கு ஒரு திரையும் பயிற்சியும் தனித்தனி நுனிகள். ஆன்லைனில் அட்வான்ஸும் வாங்க வேண்டுமென்றால் பேமென்ட் கேட்வே கணக்கு, ரசீது, பணம் திருப்பித் தரும் விதி, ஒரே முகூர்த்தத்துக்கு இருவர் ஒரே நேரத்தில் பணம் கட்டினால் என்ன செய்வது என்ற ஏற்பாடு எல்லாம் சேரும். மூன்றையும் அவர் ‘சிம்பிள்’ என்றுதான் சொல்வார். ஆகவே, “புக் பண்ணினதும் என்ன நடக்கணும்ணே?” என்று கேளுங்கள்.

கிளைகளைக் கூட்டினால் முழு வேலையும் வர வேண்டும், கூடவோ குறையவோ கூடாது. இதை நூறு சதவீத விதி என்கிறார்கள். உரிமையாளர் செய்ய வேண்டியதும் இதில் அடக்கம். ‘மண்டபப் படங்கள் 20, வாடகை விவரம்: உரிமையாளர் தருவார்’ என்று எழுதாமல் விட்டால், எல்லாம் தயாரான பிறகும் தளம் படங்களுக்காகக் காத்துக் கிடக்கும்.

எதுவரை பிரிப்பது? ஒரு நுனி 8 மணி நேரத்துக்குக் குறையாமலும் 80 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்கட்டும் என்பது பழைய கணக்கு. சிறு வெப்சைட்டுக்கு அது பெரிது. அரை நாளிலிருந்து இரண்டு நாளில் முடியும் துண்டுகளே இங்கே சரிப்படும்.

கடைசியில் ‘இதில் சேராதவை’ என்று தனியாக எழுதுங்கள்: ஆன்லைன் கட்டணம், ஆங்கிலப் பதிப்பு, இரண்டு முறைக்கு மேல் திருத்தம். அந்தத் தாளில் அவர் கையெழுத்து போட்ட பிறகு விலையைச் சொல்லுங்கள்.