பூசணிக்காய் உடைஞ்சாச்சு! பாக்கி எங்கே?
கோடம்பாக்கம் லைட்மேனின் கணக்கு நோட்டு: ரூ.8,400 துண்டு விழுந்த கதை

சென்னை, கோடம்பாக்கம்.

சினிமாப் படப்பிடிப்பின் கடைசி நாளில் பூசணிக்காய் உடைப்பது கோடம்பாக்கத்து வழக்கம். கற்பூரம் காட்டி, காயை நடுரோட்டில் போட்டு உடைத்ததும் டைரக்டர் முதல் டீ கொடுக்கும் பையன் வரை கைதட்டுவார்கள். மறுநாள் நட்சத்திரங்கள் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். தினச் சம்பளக்காரர்களோ கம்பெனி ஆபீசுக்குப் படியேறத் தொடங்குவார்கள். "செட்டில்மென்ட் எப்போ சார்?" என்பதே அவர்கள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி!

பொள்ளாச்சிப் பக்கம் 22 நாள் அவுட்டோர் போய்வந்த வடபழனி லைட்மேன் ஒருவருக்கு அப்படி ஒரு நாள் வவுச்சர் நீட்டப்பட்டது. கையில் தருவதாகச் சொன்ன தொகை ரூ.21,600. அவர் நோட்டுக் கணக்குப்படி வரவேண்டியதோ ரூ.30,000.

"தம்பி, ஸ்டாம்பு மேல கையெழுத்தைப் போடு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர்.

"கணக்கைக் காட்டுங்க சார், பாத்துட்டுப் போடறேன்" என்றார் லைட்மேன்.

பேசிய சம்பளம் என்ன?

இந்தப் படத்தில் அவருக்கு ஒரு கால்ஷீட்டுக்கு ரூ.1,600 என்று பேச்சு. காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை ஒரு கால்ஷீட். அதைத் தாண்டி இரவு 9.30 வரை போனால் ஒன்றரை. 9.30-ஐயும் தாண்டினால் டபுள். மழையால் வேலை நின்றாலும், வரச்சொல்லி வந்துவிட்டால் முழுச் சம்பளம். போகவர ஆகும் பயண நாளுக்கு அரைச் சம்பளம். பேட்டா தனி, அது அன்றன்றைக்கே கையில் வந்துவிட்டது. நேரமும் விகிதமும் படத்துக்குப் படம், தொழிலுக்குத் தொழில் மாறும். அதனால் முதல் நாளே இதைக் குறித்து வைப்பது தொழில் தெரிந்தவர்களின் பழக்கம்.

அவர் நோட்டு சொன்னது இதுதான். படப்பிடிப்பு 18 நாள். அதில் 10 நாள் ஆறு மணிக்கே பேக்கப், 10 கால்ஷீட். 6 நாள் ஒன்றரை; 9 கால்ஷீட். 2 நாள் நடுநிசி தாண்டியது, 4 கால்ஷீட். மழை நாள் ஒன்று. பயணம் இரண்டு நாள், சேர்ந்து ஒன்று. ஒரு நாள் விடுமுறை, அதற்குச் சம்பளம் இல்லை. ஆக மொத்தம் 25 கால்ஷீட், ரூ.40,000. வாங்கிய அட்வான்ஸ் ரூ.10,000 போக மீதி ரூ.30,000.

கம்பெனி போட்டதோ 21 கால்ஷீட், ரூ.33,600. அட்வான்ஸ் ரூ.12,000 என்று கழித்து ரூ.21,600!

எங்கே மறைந்தது?

இருவரும் நாள்வாரியாக ஒப்பிட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

முதல் ஓட்டை, பேக்கப் நேரம். இரண்டு நாள் ரிஜிஸ்டரில் "மாலை 6 மணி" என்று இருந்தது. அது கடைசி ஷாட் எடுத்த நேரம். நடிகருக்கு அத்தோடு வேலை முடிந்தது. லைட்மேனுக்கு முடியவில்லை. சூடாறிய விளக்குகளை இறக்கி, கேபிளைச் சுற்றி, யூனிட் வண்டியில் ஏற்றும்போது மணி எட்டு. இதில் போனது ஒரு கால்ஷீட்.

இரண்டாவது, தேதி மாறும் வித்தை. இரண்டு இரவு வேலை 1.30 மணி வரை போனது. 12 மணி அடித்ததும் தேதி மாறிவிடுகிறது அல்லவா? ரிஜிஸ்டர் எழுதியவர் பழைய பக்கத்தை 9.30-ல் முடித்து, மிச்ச நேரத்தை மறுநாள் பக்கத்தில் சேர்த்துவிட்டார். மறுநாள் எப்படியும் ஒரு கால்ஷீட் உண்டு என்பதால் அந்த நேரம் அதற்குள் கரைந்து போனது. டபுள் ஒன்றரையாகச் சுருங்கியது. இரண்டு நாளில் இன்னொரு கால்ஷீட் காலி.

மூன்றாவது, மழை நாள். காலை 6 மணிக்கு வந்து, பகல் ஒரு மணி வரை தார்ப்பாய்க்கு அடியில் காத்திருந்த நாள் "ஷூட்டிங் இல்லை" என்று அடிக்கப்பட்டிருந்தது. நான்காவது, பயண நாள். அது கணக்கிலேயே இல்லை. ஐந்தாவது, பஸ் கட்டணத்துக்கும் வழிச் சாப்பாட்டுக்கும் கொடுத்த ரூ.2,000, அட்வான்சாக மாறியிருந்தது.

நாலு கால்ஷீட் ரூ.6,400, அதோடு ரூ.2,000. துண்டு விழுந்தது ரூ.8,400!

சாட்சி சொன்ன ஜெனரேட்டர்

"உன் நோட்டை நீயே எழுதினது; அதை எப்படி நம்பறது?" என்று கேட்டார் மேனேஜர். நியாயமான கேள்விதான்.

பதில் ஜெனரேட்டர் வண்டியில் இருந்தது. அவுட்டோரில் ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் வாடகை, டீசல். எத்தனை மணிக்குப் போட்டார்கள், எத்தனை மணிக்கு அணைத்தார்கள் என்று ஆபரேட்டர் தினமும் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவார். அந்த இரண்டு இரவும் இன்ஜினை அணைத்த நேரம் 1.30 என்று இருந்தது. அதற்கு வாடகை கொடுத்ததும் இதே கம்பெனிதான்! விளக்கு எரிந்தால் லைட்மேன் பக்கத்தில் நின்றுதானே ஆகவேண்டும்?

யூனிட் வண்டி டிரைவரின் டிரிப் ஷீட், எட்டு மணிக்கு லோடு ஏற்றிக் கிளம்பியதைச் சொன்னது. மழை நாளுக்கு, முந்தின இரவு மேனேஜர் போனில் அனுப்பிய "காலை 6 மணி கால்" என்ற செய்தியே சாட்சி.

அரங்க நாடகம், மேடைக் கச்சேரி வேலையிலும் இதே ஓட்டைதான். திரை விழுந்த நேரத்தை முடிவு நேரமாக எழுதுவார்கள். செட் பிரித்து லாரி ஏற்றும் நேரம் விடுபட்டுப் போகும். அங்கே வண்டி கிளம்பிய நேரமே சாட்சி.

கையெழுத்தில் இருக்குது விஷயம்

ரூ.5,000-க்கு மேல் வாங்கும் ரசீதுக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டுவது வழக்கம். அந்த ஸ்டாம்புக்கு மேலே அச்சடித்திருக்கும் வரியைப் பலர் படிப்பதில்லை. "முழுப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன், இனி எதுவும் வரவேண்டியதில்லை" என்று இருந்தால், பிறகு கேட்கும்போது அதுவே எதிராக நிற்கும்.

நம் லைட்மேன் பணத்தை வேண்டாம் என்று தள்ளவில்லை. அந்த வரியை அடித்து, "ரூ.21,600 மட்டும் பெற்றேன். 4 கால்ஷீட்டும் அட்வான்ஸ் ரூ.2,000-மும் கணக்குப் பார்க்கவேண்டியது" என்று எழுதித் தேதி போட்டார். வவுச்சரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு நேரே சங்க ஆபீசுக்கு நடந்தார்.

சங்கத்தில் வைத்துப் பேசியதில் முதல் மூன்று ஓட்டையும் அடைந்தன. அட்வான்ஸ் ரூ.2,000-மும் திரும்பியது. ஆக ரூ.6,800 கைக்கு வந்தது. பயண நாள் பணம் ரூ.1,600 மட்டும் வரவில்லை. அது டீக்கடையில் வாய்ப்பேச்சாகப் பேசியது. "நான் சொல்லவே இல்லையே" என்றார் மேனேஜர். காகிதத்திலும் இல்லை, போனிலும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சினிமாத் தொழிலாளிக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று 1981-லேயே தனிச் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துள்ளன. அதன் ஊதியத் தொகுப்புப்படி, நாள் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு ஷிப்ட் முடிவிலேயே பணம் தரவேண்டும். பாக்கியைக் கேட்டு மனுப்போட 3 ஆண்டு வரை கெடு உண்டு.

செக் கொடுத்து அது திரும்பினால் கெடு மிகச் சின்னது. பாங்கு மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ் போகவேண்டும். நோட்டீஸ் கிடைத்தும் 15 நாளில் பணம் வராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்கவேண்டும். "அடுத்த வாரம் வா தம்பி" என்ற பேச்சை நம்பி அந்த 30 நாளைக் கோட்டை விட்டவர்கள் கோடம்பாக்கத்தில் உண்டு.

அந்த லைட்மேன் இப்போது அடுத்த படத்தில் வேலை பார்க்கிறார். நோட்டின் முதல் பக்கத்தில் பயண நாள் சம்பளம் எழுதியிருக்கிறது. கீழே மேனேஜரின் கையெழுத்தும் இருக்கிறது.