போரானும் காட்மியமும்: நியூட்ரானை விழுங்கிய பின் வெளிவருவது எது?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் அணுக்கரு உலையைக் கற்பிக்கும்போது, கட்டுப்படுத்தும் தண்டுகள் போரான் அல்லது காட்மியத்தால் ஆனவை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். இரண்டும் நியூட்ரான்களை நன்றாக உட்கவரும். உலைக்கு அது போதும். ஆனால் புற்றுநோய்க்கான 'போரான் நியூட்ரான் கவர்வு சிகிச்சை'யில் காட்மியத்துக்கு இடமே இல்லை. அது நச்சு உலோகம் என்பது ஒரு காரணம். அதைவிட அடிப்படையான காரணம், நியூட்ரானை விழுங்கிய பின் அந்தக் கருவிலிருந்து என்ன வெளிவருகிறது, அது எவ்வளவு தூரம் போகிறது என்பதில் இருக்கிறது. அதை விளக்கினால் பாடநூலின் அந்த ஒரு வரியே ஒரு முழுப் பாடவேளைக்குப் போதுமானதாகிவிடும்.

போரான் மாணவர்களுக்குப் புதியதல்ல. புதுவாயல், கும்மிடிப்பூண்டிப் பகுதியில் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். பித்தளை வைத்துப் பற்றவைக்கும்போது தூவும் வெங்காரம் போரானின் சேர்மம். கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரும், நம் ஆய்வகத்தின் போரோசிலிகேட் கண்ணாடி முகவையும் அப்படியே. இயற்கையில் கிடைக்கும் போரானில் ஏறத்தாழ 80 விழுக்காடு போரான்-11, மீதி 20 விழுக்காடு போரான்-10. நியூட்ரானை விழுங்குவது போரான்-10 மட்டுமே.

எவ்வளவு விழுங்கும் என்பதை 'பார்ன்' என்ற அலகில் சொல்வார்கள். ஒரு பார்ன் என்பது 10⁻²⁴ சதுர செ.மீ. மெதுவான நியூட்ரானுக்குப் போரான்-10 காட்டும் குறுக்குப் பரப்பு 3840 பார்ன். போரான்-11 காட்டுவது ஒரு பார்னில் இருநூறில் ஒரு பங்கு. ஒரே தனிமத்தின் இரண்டு ஐசோடோப்புகளுக்குள் ஏன் இத்தனை வேறுபாடு?

போரான்-10 கருவில் 5 புரோட்டான், 5 நியூட்ரான், இரண்டும் ஒற்றைப்படை. இன்னொரு நியூட்ரான் வந்து சேர்ந்தால் நியூட்ரான்கள் இணையாகிவிடும். அந்தச் சேர்க்கையில் 11.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றல் வெளிப்படுகிறது. உருவாகும் போரான்-11 கருவை ஹீலியமாகவும் லித்தியமாகவும் பிளக்க 8.7 மில்லியன் இருந்தாலே போதும். அதாவது வந்து சேர்ந்த நியூட்ரானே பிளப்பதற்கான செலவைக் கொடுத்து, மிச்சமும் வைக்கிறது. போரான்-11 ஒரு நியூட்ரானை ஏற்றால் கிடைப்பது 3.4 மில்லியன் மட்டுமே. அது கருவைப் பிளக்கப் போதாது.

¹⁰B + n → ⁷Li + ⁴He

மிச்சம் எவ்வளவு என்பதை மாணவர்களே நிறை குறைபாட்டிலிருந்து கண்டுபிடிக்கலாம். இடப்புறம் 10.01294 + 1.00867 = 11.02161. வலப்புறம் 7.01600 + 4.00260 = 11.01860. வேறுபாடு 0.0030 அணு நிறை அலகு. அதை 931.5 ஆல் பெருக்கினால் சுமார் 2.79 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். நூறில் 94 முறை இதில் 0.48 மில்லியன் காமா கதிராகப் போய்விடுகிறது. மீதி 2.31 மில்லியன் இரு துகள்களின் இயக்க ஆற்றலாகிறது. உந்தம் மாறாததால் அவை எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. ஆற்றல் நிறைக்கு எதிர் விகிதத்தில், அதாவது 7:4 என்று பிரிகிறது. ஆல்பாவுக்கு 1.47, லித்தியத்துக்கு 0.84.

மெதுவான நியூட்ரான் ஏன் வேண்டும்? நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. கரு அதை விரட்டாது. எனவே முட்டி மோதி உள்ளே நுழைய வேகம் தேவையில்லை. மெதுவாகப் போகும் நியூட்ரான் கருவின் அருகே அதிக நேரம் இருக்கிறது; பிடிபடும் வாய்ப்பு வேகத்துக்கு எதிர் விகிதத்தில் அமைகிறது. அறை வெப்பநிலைக்குரிய நியூட்ரானின் வேகம் வினாடிக்கு 2200 மீட்டர். அதைப் போல 600 மடங்கு வேகமாக வந்தால் 3840 பார்ன் சுமார் 6 பார்னாகச் சுருங்கிவிடும். கல்பாக்கத்தில் 1985 முதல் இயங்கும் அதிவேகச் சோதனை ஈனுலையின் கட்டுப்படுத்தும் தண்டுகளில், போரான்-10 செறிவூட்டப்பட்ட போரான் கார்பைடை வைத்திருப்பதும் இதனால்தான். அங்கே நியூட்ரான்கள் வேகமானவை. ஒவ்வொரு கருவும் குறைவாகவே பிடிக்கும் என்பதால், பிடிக்கும் கருக்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியிருக்கிறது.

இப்போது காட்மியத்துக்கு வருவோம். அதுவும் மெதுவான நியூட்ரானை ஆயிரக்கணக்கான பார்ன் அளவில் விழுங்கும். ஆனால் விழுங்கிய ஆற்றலைக் காமா கதிர்களாக வெளியிடும். காமா கதிர் உடலில் பல செ.மீ. ஊடுருவும், வெளியேயும் போய்விடும். எந்தச் செல்லில் காட்மியம் இருந்தது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. போரானிலிருந்து வரும் ஆல்பா சுமார் 9 மைக்ரான் தூரத்திலும், லித்தியம் 5 மைக்ரான் தூரத்திலும் நின்றுவிடுகின்றன. அவை கனமான, மின்னூட்டமுள்ள துகள்கள். வழியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டே போவதால் சீக்கிரம் ஓய்ந்துவிடுகின்றன. ஒரு செல்லின் குறுக்களவு சுமார் 10 மைக்ரான். ஆகவே அத்தனை ஆற்றலும் போரான் இருந்த செல்லிலும், மிஞ்சினால் பக்கத்துச் செல்லிலுமே இறங்குகிறது. அந்தக் குறுகிய பாதையில் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் சேர்ந்து அறுபடுவதால் செல்லால் அதைச் சரிசெய்வது கடினம்.

இந்த இடத்தில் என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நியூட்ரான் எல்லா இடத்துக்கும்தானே போகுது? நல்ல செல்லுல போரான் இருந்தா அதுவும் செத்துடுமே?" இந்தச் சிகிச்சையின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

போரானின் இந்த வினையை 1935இல் டெய்லர், கோல்ட்ஹேபர் ஆகியோர் விளக்கினர். அதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1936இல் லாக்கர் எழுதினார். 1951இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் உலையில், மூளைப் புற்றுநோயாளிகளுக்கு நம் பட்டறை வெங்காரத்தையே தூய்மையாக்கி இரத்தத்தில் செலுத்தி, மெதுவான நியூட்ரான் கற்றையைத் தலைமீது பாய்ச்சினார்கள். பெரும்பாலோர் சில மாதங்களே வாழ்ந்தார்கள். 1961இல் அமெரிக்கச் சோதனைகள் நிறுத்தப்பட்டன.

தவறியது இரண்டு இடங்களில். வெங்காரம் கட்டியைத் தேடிப் போகவில்லை; இரத்தத்திலும் தங்கியது. அதனால் இரத்தக் குழாய்ச் சுவர்கள் அடிபட்டன. அடுத்து, மெதுவான நியூட்ரான்கள் தோலையும் எலும்பையும் தாண்டுவதற்குள்ளேயே பெருமளவு செலவாகிவிட்டன. தோல் புண்ணானது, ஆழத்திலிருந்த கட்டிக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை.

இரண்டாவது சிக்கலுக்கு விடை நம் தணிப்பான் பாடத்திலேயே இருக்கிறது. சற்று வேகமான நியூட்ரானை அனுப்பினால், உடலின் ஹைட்ரஜனோடு மோதி மோதி அதுவே வேகம் குறைந்து, தோலுக்குக் கீழே 2, 3 செ.மீ. ஆழத்தில் மெதுவான நியூட்ரானாகிவிடும். நம் உடலே தணிப்பானாக வேலை செய்கிறது. முதல் சிக்கலுக்கு விடை வேதியியலில் கிடைத்தது. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தோடு போரானைச் சேர்த்து உருவாக்கிய மருந்தை, வேகமாகப் பெருகும் புற்றுச் செல்கள் உணவென்று எண்ணி அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஜப்பானில் மிஷிமா என்ற மருத்துவர் 1987இல் இதைத் தோல் புற்றுநோயாளி ஒருவருக்குப் பயன்படுத்தினார்.

இப்போது மாணவியின் கேள்விக்கு எண்ணால் விடை காண்போம். ஒரு செல்லின் நிறை ஒரு நானோகிராம் என்று கொள்வோம். புற்றுத் திசுவில் ஒரு கிராமுக்கு 30 மைக்ரோகிராம் போரான்-10 சேர்ந்திருந்தால், ஒரு செல்லில் சுமார் 1.8 × 10⁹ போரான் அணுக்கள். ஒரு சதுர செ.மீ. வழியாக மொத்தம் 5 × 10¹² மெதுவான நியூட்ரான்கள் கடக்கட்டும்.

1.8 × 10⁹ × 3840 × 10⁻²⁴ × 5 × 10¹² ≈ 35

நூற்று எண்பது கோடி போரான் அணுக்களில் பிளப்பவை வெறும் 35. ஆனாலும் அந்த 35 பிளவுகள் ஒரு செல்லைக் கொல்லப் போதும். பக்கத்து நல்ல செல்லில் மூன்றில் ஒரு பங்கு போரான் இருந்தால் அங்கே சுமார் 12 பிளவுகள். அது பூச்சியம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்கு மேல், திசுக்களில் இயல்பாகவே உள்ள நைட்ரஜனும் நியூட்ரானைப் பிடித்து, இரு செல்களிலும் ஒரே அளவில் சிறிது சேதம் செய்கிறது. போரானின் விகிதம்தான் நல்ல செல்லைக் காக்கிறது. கற்றையைக் குறிபார்ப்பது அதற்குத் துணை மட்டுமே.

அதனால் மருத்துவர்கள் சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின்போதும் விகிதத்தையே அளக்கிறார்கள். அதே மருந்தில் கதிரியக்க ஃபுளூரினைச் சேர்த்து ஸ்கேன் எடுத்தால், கட்டி சுற்றியுள்ள திசுவைவிட எத்தனை மடங்கு மருந்தை இழுக்கிறது என்பது தெரியும். சிகிச்சை நாளில் இரத்த மாதிரியில் போரானை அளந்து, கற்றை எவ்வளவு நேரம் பாய வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். போதிய அளவு இழுக்காத கட்டிக்கு இச்சிகிச்சையால் பயனில்லை.

2020 மார்ச்சில் ஜப்பான் இம்மருந்துக்கும், அணு உலைக்கு மாற்றாகப் புரோட்டான்களைப் பெரிலியத்தில் மோதவிட்டு நியூட்ரான் உண்டாக்கும் சுழற்சி முடுக்கிக்கும் அனுமதி தந்தது. அறுவை செய்ய முடியாத, அல்லது திரும்ப வந்த தலை, கழுத்துப் புற்றுநோய்க்கே அந்த அனுமதி. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 500 மி.கி. மருந்து என்பது அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 கிராம். அதில் போரான்-10 ஏறத்தாழ ஒன்றரை கிராம்தான். வாயின் உட்சவ்வும் மருந்தை ஓரளவு இழுப்பதால் வாய்ப்புண் வருகிறது; எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்பதற்கான எல்லையைப் பெரும்பாலும் அந்தச் சவ்வே வகுக்கிறது. ஆறு, ஏழு செ.மீ.க்கும் ஆழமான கட்டிகளை நியூட்ரான்கள் போதிய எண்ணிக்கையில் எட்டுவதில்லை.

இந்த வரம்புகளையும் வகுப்பில் சொல்ல வேண்டும். வீட்டில் புற்றுநோயாளி இருக்கும் பிள்ளை நம் எதிரே உட்கார்ந்திருக்கலாம். இரத்தப் புற்றுநோய்க்கோ உடலெங்கும் பரவிய நோய்க்கோ இது விடையல்ல என்பதை அந்தப் பிள்ளை நம்மிடமிருந்தே கேட்டுக்கொள்ளட்டும். 'அப்படியானால் கேரம் பவுடர் ஆபத்தா?' என்றும் யாராவது கேட்பார்கள். நியூட்ரான் கற்றை பாயாதவரை போரான்-10 அமைதியான, நிலைத்த கருதான்.

பாடத்தை முடிக்கும்போது மேலே உள்ள கணக்கையே வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம். நல்ல செல்லிலும் புற்றுச் செல்லிலும் போரான் சம அளவில் இருந்தால் பிளவுகள் எத்தனை, ஐந்தில் ஒரு பங்கானால் எத்தனை என்று இரு முறை போட்டுப் பார்க்கட்டும். 1951இல் வெங்காரம் ஏன் தோற்றது என்பதை முதல் விடையே அவர்களுக்குச் சொல்லிவிடும்.