11 யோசனை, 90 நிமிடம்: கமிட்டி கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது எப்படி?

மும்பையில் ஒரு குடியிருப்புச் சங்கம். ஞாயிறு காலை 90 நிமிடம் கமிட்டி கூட்டம். வாட்ஸ்-அப்பிலும், போனிலும், துண்டுச் சீட்டிலுமாக 11 யோசனைகள் வந்துவிட்டன. செயலாளர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுத வேண்டும். பக்கத்தில் சொன்னவர் பெயர்.

தண்ணீர்த் தொட்டி பற்றி 3 பேர், லிப்ட் பற்றி 2 பேர், பொங்கல் விழா பற்றி 2 பேர் சொன்னால் அவை மூன்றே விஷயங்கள். வரவு-செலவு ஒன்று. மீதி 3 வெறும் தகவல். அவற்றைச் சுற்றறிக்கையில் போட்டால் போதும்.

ஆக, பேச வேண்டியவை நான்கு. லிப்டுக்கு 30 நிமிடம், தொட்டிக்கு 20, விழாவுக்கு 15, கணக்குக்கு 10. மொத்தம் 75. தொடக்கத்துக்கு 5, கைவசம் 10.

'லிப்ட்' என்று மட்டும் எழுதினால் பேச்சு எங்கெங்கோ போகும். 'மூன்று கொட்டேஷன்களில் எதை ஏற்பது?' என்று கேள்வியாக எழுத வேண்டும். கொட்டேஷன் வாங்கியவரே பேசட்டும்; அவருடைய சம்மதத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கொட்டேஷன்களின் இணைப்பை மூன்று நாள் முன்பே அனுப்ப வேண்டும். வேறொருவர் போனில் அது திறக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அனுமதி தராத இணைப்பு, அனுப்பியவருக்கு மட்டுமே திறக்கும்! போன் பார்க்காத பெரியவர்களுக்கு அச்சுப் பிரதி.

லிப்டுக்கான 30 நிமிடத்தில் பாதி, கொட்டேஷனைப் படித்துக் காட்டவே போனால், யாரும் படித்து வரவில்லை என்று அர்த்தம். நேரம் முடிந்தும் முடிவு வராவிட்டால் கைவசமுள்ள 10 நிமிடத்தில் எடுக்கலாம். அதுவும் தீர்ந்தால், அடுத்த கூட்டத்தில் அதுவே முதல் விஷயம்.