ஓடிபி எந்த நம்பருக்குப் போகுது? வீட்டுக்கு ஒரு 'கணக்குத் தாள்' போடுவது எப்படி?

ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் வீட்டை உதாரணமா எடுத்துக்குவோம். அப்பா தறியில், அம்மா தார் சுற்றுறாங்க, மகள் சென்னையில் வேலை பார்க்கிறாங்க, மகன் காலேஜ். வீட்டில் நாலு சிம், மூணு போன். மெயில் ஐடி எத்தனைன்னு கேட்டால் யாருக்கும் சரியாகத் தெரியாது. அப்பாவின் பழைய நம்பருக்கு நாலு மாசமா ரீசார்ஜ் போடலை. ஒரு நாள் பேங்க் ஓடிபி வரலை. அப்போதான் தேடல் ஆரம்பிக்குது.

இதைத் தவிர்க்க ஒரு நோட்டுத் தாள் போதும். ஒவ்வொரு வரியிலும் ஒரு கணக்கு. யாருடையது, என்ன கணக்கு, எந்த மெயில் அல்லது நம்பரில் உள்ளே போகணும், ஓடிபி எங்கே வரும், பாஸ்வேர்டு மறந்தால் மீட்க எது உதவும், கடைசியா எப்போ சரிபார்த்தோம். இவ்வளவுதான். பாஸ்வேர்டு, யுபிஐ பின் இரண்டையும் அதில் எழுதவே கூடாது. தாள் காணாமல் போனாலும் யாரும் கணக்கைத் திறக்க முடியாதபடி இருக்கணும்.

நினைவிலிருந்து எழுதாதீங்க, பார்த்து எழுதுங்க

'என் நம்பர்தான் கொடுத்திருப்பேன்' என்று எழுதினால் தாளே தப்பாகிவிடும். ஜிமெயில் என்றால் போனில் Google Account-க்குள் போய், பாதுகாப்புப் பகுதியில் Recovery phone, Recovery email என்ற இரண்டையும் திறந்து பாருங்க. ஆதாருக்கு myaadhaar.uidai.gov.in தளத்தில், நம்பர் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும் வசதி இருக்கு. பேங்க்குக்கு, மெசேஜ் எந்த போனில் வந்து விழுதுன்னு பார்த்தாலே போதும்.

நம்ம ஆரணி வீட்டில் இப்படி எழுதியபோது தெரிந்தது இதுதான்: அப்பாவின் பேங்க், அப்பாவின் ஆதார், அம்மாவின் ஜிமெயில் மூன்றுமே அந்த ரீசார்ஜ் போடாத நம்பரையே நம்பி இருக்கு. மகனின் கதை வேற. அட்மிஷனுக்கு பிரவுசிங் சென்டரில் மெயில் போட்டுக் கொடுத்தாங்க. அதில் மீட்பு நம்பர் சென்டர்காரருடையது! மகனின் இரண்டாவது மெயிலுக்கு முதல் மெயில் துணை, முதல் மெயிலுக்கு இரண்டாவது துணை. இரண்டு பாஸ்வேர்டும் மறந்தால், பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரிதான்.

அதனால் தாளில் ஒவ்வொரு கணக்கிலிருந்தும் அது நம்பியிருக்கும் நம்பருக்கு ஒரு அம்புக்குறி போடுங்க. எல்லா அம்பும் ஒரே சிம்மில் போய் நின்றாலோ, வட்டமா சுற்றினாலோ, அங்கேதான் பிரச்சினை.

பழைய நம்பர் வேறு ஆளுக்குப் போகுமா?

போகும். பேச்சு, மெசேஜ், டேட்டா எதுவும் 90 நாள் இல்லாத ப்ரீபெய்டு நம்பர் துண்டிக்கப்படலாம். அதன்பின் குறைந்தது 90 நாள் கழித்து அது புதிய வாடிக்கையாளருக்குத் தரப்படும் என்று டிராய் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அப்புறம் அந்த ஓடிபி எல்லாம் முகம் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகும்.

எதை முதலில் சரி செய்வது?

முதலில் அடையாள அட்டையோடு சிம் நிறுவனத்தின் கடைக்குப் போய், நம்பரை மீட்க முடியுமா என்று கேளுங்க. கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிஞ்சுது.

கிடைக்கலைன்னா, அம்மாவின் ஜிமெயில்தான் முதல். அது இன்னும் அம்மா போனில் திறந்தே இருக்கு. அதனால் உள்ளே இருந்தபடியே மீட்பு நம்பரை மாற்றிவிடலாம். மாற்றும் வரை அந்த போனில் லாக்-அவுட் செய்யாதீங்க, ரீசெட்டும் போடாதீங்க. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். மாற்றிய பிறகும் ஒரு வாரம் வரை பழைய நம்பருக்கே குறியீடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் வைத்திருக்கும், பதறவேண்டாம். மகனின் மெயிலிலும் சென்டர்காரர் நம்பரை எடுத்துவிட்டு அக்காவின் நம்பரைப் போடலாம்.

ஆதாருக்கு அப்பா நேரில் ஆதார் மையம் போகலாம். கைரேகை வைத்தால் போதும், நம்பர் மாற்ற வேறு ஆவணம் தேவையில்லை. பேங்க்குக்கு பாஸ்புக்கோடு கிளைக்குப் போய் விண்ணப்பம் கொடுக்கணும். இரண்டும் முடிய சில நாட்கள் ஆகலாம். அதுவரை தாளில் அந்த வரிகளுக்கு எதிரே 'விண்ணப்பித்த தேதி' என்று எழுதி வையுங்க.

கூகுள் தரும் Backup codes மொத்தம் பத்து. ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். போனே தொலைந்தாலும் கணக்கைத் திறக்க இது உதவும். ஆனால் இது சாவி மாதிரி என்பதால் தாளில் எழுதாமல் தனிக் கவரில் வைத்து, கவர் இருக்கும் இடத்தை மட்டும் வீட்டில் இரண்டு பேருக்குச் சொல்லுங்க.

தாள் ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே இருக்கட்டும். போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீங்க. யாராவது சிம் மாற்றினாலோ, போன் விற்றாலோ, அன்றைக்கே அந்த நம்பருக்கு வரும் அம்புகளை எல்லாம் திருத்திவிட்டுப் பழைய சிம்மை எடுங்க.