பங்கு யார் பெயரில் இருக்கிறது?

தடித்த தாளில், கம்பெனி முத்திரையுடன், வரிசை எண் அச்சடித்த பங்குச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு, கொடுத்தவருக்கு லட்சக்கணக்கில் பணம் கட்டிவிட்டு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சான்றிதழ் அசலாகவே இருக்கலாம். ஆனால் கம்பெனியின் உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறாதவரை அந்தக் கம்பெனியைப் பொறுத்தமட்டில் நீங்கள் மூன்றாம் மனிதர். டிவிடெண்ட் விற்றவருக்குப் போகும், போனஸ் பங்கும் அவருக்கே போகும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான அழைப்புக்கடிதமும் அவர் வீட்டுக்கே போகும்.

பங்குச்சந்தையில் பட்டியலிட்ட பங்கை வாங்கும்போது இந்தக் கவலை இல்லை. இடையில் நிற்கும் தீர்வு நிறுவனம் பணத்தையும் பங்கையும் ஒரே நேரத்தில் கைமாற்றித் தருகிறது. பட்டியலிடாத பங்கில் அப்படி ஒருவர் கிடையாது. விற்பவர், வாங்குபவர், பெரும்பாலும் நடுவில் கமிஷன் வாங்கும் ஒரு டீலர், அவ்வளவுதான். விலையும் அந்த டீலர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விலைதான்.

இதில் இரண்டு ரகம் உண்டு. தேசிய பங்குச்சந்தை நிறுவனம், சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் போன்றவை பப்ளிக் லிமிடெட் கம்பெனிகள். பட்டியலிடப்படாத நிலையிலும் இவற்றின் பங்குகள் டீலர்கள் வழியாக வருடக்கணக்கில் கைமாறி வந்திருக்கின்றன. இன்னொரு ரகம் பிரைவேட் லிமிடெட். இங்கே பங்கு மாற்றத்துக்குக் கட்டுப்பாடு வைத்தே ஆகவேண்டும் என்று கம்பெனிகள் சட்டம் 2013 சொல்கிறது. சங்க விதிகளில் அந்தக் கட்டுப்பாடு எழுதியிருக்கும். பொதுவாக, விற்க நினைப்பவர் முதலில் மற்ற பங்குதாரர்களுக்குக் காட்டவேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால்தான் வெளியாருக்கு விற்கலாம், அதற்கும் இயக்குநர் குழு சம்மதிக்கவேண்டும் என்று இருக்கும்.

சிக்கல் அதிகம் இந்த இரண்டாவது ரகத்தில்தான். ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அதில் தனக்கு 4,000 பங்கு இருப்பதாகவும், ஒன்று ரூ.75 வீதம் மொத்தம் ரூ.3 லட்சத்துக்குத் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். ‘கம்பெனி சீக்கிரம் பெரிய இடத்துக்குப் போகப்போகிறது’ என்ற வசனமும் கூடவே வரும்.

முதலில் கேட்கவேண்டியது சிஐஎன் என்ற கம்பெனி அடையாள எண். `U00000TZ1994PTC000000` என்ற அச்சில் 21 எழுத்துகளும் எண்களும் இருக்கும். முதல் எழுத்து U என்றால் பட்டியலிடாதது. TZ என்றால் கோவை கம்பெனிப் பதிவாளரிடம் பதிவானது. சென்னை என்றால் TN. அடுத்து பதிவான ஆண்டு. PTC என்றால் பிரைவேட், PLC என்றால் பப்ளிக். இந்த எண்ணை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் போட்டால், கம்பெனி உயிருடன் இருக்கிறதா, பதிவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதா, கடைசியாக எந்த ஆண்டுக்கான வரவுசெலவைத் தாக்கல் செய்தது, செலுத்தப்பட்ட மூலதனம் எவ்வளவு என்பதெல்லாம் தெரியும். நம் கம்பெனிக்கு மூலதனம் ரூ.50 லட்சம் என்று வருகிறது. முகமதிப்பு ரூ.10 என்றால் மொத்தம் 5,00,000 பங்குகள். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளவேண்டும்.

அடுத்தது அதே தளத்தில் View Public Documents. ஒரு கம்பெனிக்கு ரூ.100 கட்டினால் அது தாக்கல் செய்த பொது ஆவணங்களைப் பார்க்கலாம். அதில் தேடவேண்டியது ஆண்டு அறிக்கை. படிவத்தின் பெயர் MGT-7, சிறு கம்பெனி என்றால் MGT-7A. இத்துடன் பங்குதாரர் பட்டியல் இணைக்கப்பட்டிருக்கும். மார்ச் 31 அன்று யார் பெயரில் எத்தனை பங்கு என்பது அதில் இருக்கிறது. நம் ஆளின் பெயரைத் தேடினால் 2,500 என்று நிற்கிறது. மீதி 1,500? ‘அது அண்ணன் பங்கு, அவர் எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்’ என்கிறார். எழுதிக் கொடுத்திருக்கலாம். கம்பெனிப் பதிவேட்டில் மாறவில்லை என்றால் விற்க அவருக்கு இருப்பது 2,500தான்.

பட்டியலைக் கூட்டிப் பார்ப்பதும் வீண்வேலை அல்ல. கூட்டுத்தொகை 5,00,000 வராவிட்டால் ஏதோ சரியில்லை. அடுத்து PAS-3 என்ற படிவம். கம்பெனி புதிதாகப் பங்கு ஒதுக்கும்போது தாக்கல் செய்வது. மார்ச்சுக்குப் பிறகு செப்டம்பரில் வெளியார் இருவருக்கு ஒரு லட்சம் பங்கை, பிரீமியம் சேர்த்து ரூ.30 வீதம் ஒதுக்கியதாக அதில் இருக்கிறது என்று வையுங்கள். இது இரண்டு விஷயத்தைச் சொல்கிறது. மொத்தப் பங்கு இப்போது ஆறு லட்சம், ஆகவே 2,500 பங்கு என்பது 0.5 சதவீதத்திலிருந்து 0.42 ஆகிவிட்டது. இரண்டாவது, கம்பெனியே சமீபத்தில் ரூ.30க்குக் கொடுத்த பங்குக்கு உங்களிடம் ரூ.75 கேட்கிறார்கள். என் அனுபவத்தில், பேரம் பேச இதைவிடப் பெரிய ஆயுதம் வேறெதுவும் இல்லை.

ஆண்டு அறிக்கை பழைய புகைப்படம்தான். இன்றைய நிலை தெரிய உறுப்பினர் பதிவேட்டையே பார்க்கவேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் 94ஆவது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. பங்குதாரர் கட்டணமின்றிப் பார்க்கலாம். பங்குதாரர் அல்லாத எவரும்கூடக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், அந்தக் கட்டணம் ஒரு தடவைக்கு ரூ.50க்கு மேல் போகக்கூடாது. நகல் வேண்டுமென்றால் பக்கத்துக்கு அதிகபட்சம் ரூ.10, பணம் கட்டிய ஏழு நாளுக்குள் தரவேண்டும். மறுத்தால் கம்பெனிக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் நாளொன்றுக்கு ரூ.1,000 வீதம் ரூ.1 லட்சம் வரை அபராதம் உண்டு. இவ்வளவு இருந்தும், குடும்பக் கம்பெனியின் அலுவலகத்தில் போய் நின்று பதிவேட்டைக் கேட்டால் ‘நீங்க யாரு சார்?’ என்றுதான் கேட்பார்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துவதே நல்லது. 2022 முதல் உறுப்பினரின் முகவரி, மின்னஞ்சல், பான் எண் ஆகியவற்றைக் காட்டமாட்டார்கள். பெயரும் பங்கு எண்ணிக்கையும் நமக்குப் போதும்.

பதிவேட்டில் உள்ள பெயர்தான் உண்மையான உரிமையாளர் என்றும் சொல்லிவிட முடியாது. ஒருவர் பெயரில் இருந்து, பலன் இன்னொருவருக்குப் போகலாம். அப்படியிருந்தால் இருவரும் கம்பெனிக்குத் தெரிவிக்கவேண்டும், கம்பெனி அதை MGT-6 படிவத்தில் பதிவாளருக்குத் தெரிவிக்கவேண்டும். பத்து சதவீதமோ அதற்கு மேலோ மறைமுகமாக வைத்திருக்கும் தனிநபர் விவரம் BEN-2 படிவத்தில் வரும். இந்தப் படிவங்கள் இருந்தால் கட்டாயம் படியுங்கள். இல்லை என்பதால் பினாமி இல்லை என்று அர்த்தமில்லை.

சங்க விதிகளையும் அதே ரூ.100க்குள் இறக்கிப் படித்துவிடலாம். தமிழ்நாட்டுக் குடும்பக் கம்பெனி ஒன்றில் எழுந்த ரங்கராஜ் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் செல்லும்: பங்கு விற்பனைக்கான கட்டுப்பாடு சங்க விதிகளில் இல்லாவிட்டால், குடும்பத்துக்குள் பேசி வைத்த ஒப்பந்தம் கம்பெனியையோ பங்குதாரர்களையோ கட்டுப்படுத்தாது. மாறாக, விதிகளில் இருக்கும் கட்டுப்பாட்டை மீறி வாங்கினால் இயக்குநர் குழு உங்கள் பெயரை ஏற்றாமல் விடலாம். எனவே மற்ற பங்குதாரர்களுக்கு முதலில் காட்டியாயிற்று, குழுவுக்கு ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் கைக்கு வந்தபிறகே பணம். அதிலும் ஒரு பகுதியைப் பெயர் மாறிய பிறகு தருவதாக எழுதிக்கொள்வது புத்திசாலித்தனம்.

கம்பெனி சட்டப்படி சிறு கம்பெனி என்றால் தாள் சான்றிதழிலேயே மாற்றலாம். SH-4 படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு, முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், அதாவது 2,500 பங்கை அதே ரூ.75க்கு வாங்கினாலும் சுமார் ரூ.28 செலுத்தி, அசல் சான்றிதழுடன் 60 நாளுக்குள் கம்பெனியிடம் கொடுக்கவேண்டும். தேதி போடாமல் கையெழுத்திட்ட படிவத்தை ‘எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். சிறு கம்பெனி அல்லாத பிரைவேட் கம்பெனிகளில் 2025 ஜூன் 30க்குப் பிறகு டீமேட் வழியாகத்தான் மாற்றம். பப்ளிக் கம்பெனிகளுக்கு இது 2018 அக்டோபரிலேயே வந்துவிட்டது. அங்கே ஒருவர் தாளை நீட்டினால், முதலில் அவரே அதை டீமேட் ஆக்கிவிட்டு வரட்டும்.

டீமேட் என்றால் விற்பவர் தன் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குச் சந்தைக்கு வெளியே மாற்றிவிடுவார். வந்துவிட்டதா என்பதை டீலர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காமல், என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் தரும் உங்கள் சொந்தக் கணக்கு அறிக்கையில் பாருங்கள். பங்கின் ஐஎஸ்ஐஎன் எண் நீங்கள் வாங்க நினைத்த கம்பெனியுடையதுதானா என்பதும் அங்கேயே தெரியும். டெபாசிட்டரியின் பதிவே டீமேட் பங்குக்கு உறுப்பினர் பதிவேடாகவும் சட்டப்படி எடுத்துக்கொள்ளப்படுகிறது. இப்படி இருவர் நேரடியாக மாற்றிக்கொள்வது சட்டவிரோதம் அல்ல. ஆனால் பட்டியலிடாத பங்குகளை வாங்கி விற்கும் சில மின்னணுத் தளங்கள் அங்கீகாரமற்றவை என்று 2024 டிசம்பரில் செபி எச்சரித்தது.

விலை விஷயத்தில் 2025 நல்ல பாடம். எச்டிபி ஃபைனான்சியல் சர்வீசஸ் பங்கு டீலர்களிடம் ரூ.1,200ஐத் தொட்டிருந்தது. ஜூனில் அதன் பொது வெளியீட்டு விலை ரூ.700 முதல் 740 என்று வந்தது. ஜூலை 2 அன்று ரூ.835இல் பட்டியலானது. முன்கூட்டி அதிக விலையில் வாங்கியவர்கள் உடனே விற்றுத் தப்பிக்கவும் வழியில்லை. வெளியீட்டுக்கு முன்பே பங்கு வைத்திருந்த பெரும்பாலானோருக்கு, ஒதுக்கீட்டு நாளிலிருந்து ஆறு மாதம் விற்பனைத் தடை உண்டு.

தவறு நடந்தால் எங்கே போவது? செபியின் ஸ்கோர்ஸ் தளம் பட்டியலிடாத கம்பெனி மீதான புகாரை எடுக்காது. பிரைவேட் கம்பெனி உங்கள் மாற்றத்தை மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்துடன் தெரிவிக்கவேண்டும். அந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள், கடிதமே வராவிட்டால் ஆவணம் கொடுத்த 60 நாளுக்குள், தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதன் அமர்வு சென்னையில் இருக்கிறது. காரணமின்றிப் பெயரை நீக்கினாலோ ஏற்றாமல் இழுத்தடித்தாலோ பதிவேட்டைத் திருத்தக் கேட்பது 59ஆவது பிரிவு. பதிவேட்டைக் காட்ட மறுப்பதற்குப் புகார் பதிவாளரிடம். கள்ளக் கையெழுத்து, பாகப்பிரிவினைத் தகராறு என்று சாட்சி விசாரணை தேவைப்பட்டால் தீர்ப்பாயம் பெரும்பாலும் சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடும், அங்கே வருடக்கணக்கு. பணம் வாங்கிக்கொண்டு பங்கே தராதவர் மீது மோசடிப் புகாரைக் காவல் நிலையத்தில் கொடுக்கவேண்டும், ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணில். வங்கி வழியாகக் கட்டிய பணத்தின் ரசீது, டீலரின் செய்திகள், SH-4 நகல் ஆகிய மூன்றும் இல்லாமல் இவற்றில் எங்கே போனாலும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.