மணி அடித்த பிறகு வரும் விலை

2024 பிப்ரவரி 13 மாலை 4 மணிக்கு நியூயார்க்கில் பங்குச்சந்தை முடிந்தபோது, வாடகைக் கார் நிறுவனமான லிஃப்டின் பங்கு விலை 12.13 டாலர். சில நிமிடங்களில் நிறுவனத்தின் காலாண்டு முடிவுகள் வெளிவந்தன. வரும் ஆண்டில் லாப விகிதம் 500 பேசிஸ் பாயின்ட் கூடும் என்று அதில் இருந்தது. நூறு பேசிஸ் பாயின்ட் என்பது ஒரு சதவீதப் புள்ளி. லாபத்துக்கே தடுமாறிக்கொண்டிருந்த நிறுவனத்துக்கு ஐந்து புள்ளி உயர்வு என்றால் சும்மாவா? பங்கு 60 சதவீதத்துக்கு மேல் எகிறி, 20 டாலரைத் தாண்டியது.

அறிக்கையில் ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்திருந்தது. சரியான எண் 50. முடிவுகளை விளக்க முதலீட்டு ஆய்வாளர்களோடு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் நிதித் தலைவர் எரின் புரூவர் அதைத் திருத்திச் சொன்னார். ஏறியதில் பெரும்பகுதி அப்போதே கரைந்தது. மறுநாள் வழக்கமான நேரத்தில் சந்தை திறந்து, எல்லாரும் கணக்குப் போட்டுப் பார்த்து முடித்தபோது, பங்கு சுமார் 35 சதவீத உயர்வில், 16 டாலர் சொச்சத்தில் நின்றது. பிழையை நீக்கிப் பார்த்தாலும் முடிவுகள் நன்றாகவே இருந்தன. ஆக, முந்தைய மாலை முதலில் வந்த விலை மிக அதிகம். திருத்தம் வந்த பிறகு வந்த விலை குறைவு. அந்த நேரத்தில் 20 டாலர் கொடுத்து வாங்கியவருக்கு ஒரே நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போயிற்று.

தவறான எண்ணுக்குச் சந்தை என்ன செய்யும் என்று விட்டுவிடலாம். ஆனால் இதே பூஜ்யம் பகல் 11 மணிக்கு விழுந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அமெரிக்காவில் வழக்கமான சந்தை நேரம் காலை 9.30 முதல் மாலை 4 வரை. அந்த நேரத்தில் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு விலை வரம்பு உண்டு. சாதாரணமாக, கடைசி ஐந்து நிமிடச் சராசரியிலிருந்து பெரிய நிறுவனங்களுக்கு 5 சதவீதமும் மற்றவற்றுக்கு 10 சதவீதமும் மேலும் கீழும். விலை அந்த எல்லையை முட்டி 15 விநாடி அங்கேயே நின்றால், அந்தப் பங்கின் வர்த்தகம் தானாக ஐந்து நிமிடம் நிற்கும். அந்த ஐந்து நிமிடத்தில் யாராவது அறிக்கையை இரண்டாம் முறை படிப்பார்கள், யாராவது நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். மாலை 4 மணிக்கு மேல் இந்தத் தானியங்கித் தடை கிடையாது. பெரிய செய்திகள் பெரும்பாலும் வருவதோ அந்தத் தடை இல்லாத நேரத்தில்தான்.

காலை 4 மணி முதல் 9.30 வரை நடப்பது ப்ரீ மார்க்கெட். மாலை 4 முதல் 8 வரை ஆஃப்டர் ஹவர்ஸ். எல்லா புரோக்கர்களும் இந்த முழு நேரத்தையும் திறந்து வைப்பதில்லை. நம் கடிகாரத்தில், அங்கே குளிர்காலமாக இருந்தால் மாலை வர்த்தகம் அதிகாலை 2.30க்குத் தொடங்கி 6.30க்கு முடியும், கோடையில் இரண்டும் ஒரு மணி நேரம் முந்தும். சென்னையிலும் கோவையிலும் அமெரிக்க ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்த்து, சம்பளத்தோடு நிறுவனப் பங்கும் வாங்குகிறவர்கள் காலையில் கண் விழித்ததும் செல்போனில் பார்ப்பது பெரும்பாலும் இந்த நேரத்து விலையைத்தான். காபி ஆறுவதற்குள் வீட்டுக் கடனில் எவ்வளவு அடைக்கலாம் என்று மனக்கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

அந்த விலை எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க, ஒரு பங்கைக் கற்பனை செய்துகொள்வோம். சந்தை முடிந்தபோது விலை 50 டாலர். பகலில் அதை வாங்க 49.99க்கு ஆயிரக்கணக்கான பங்குகளுக்கு ஆர்டர் நிற்கும், விற்க 50.01க்கு அதே அளவு நிற்கும். இடையே உள்ள இரண்டு காசைத்தான் ஸ்பிரெட் என்கிறார்கள். மணி அடித்ததும் இந்த ஆர்டர்களில் பெரும்பாலானவை காலாவதியாகின்றன. மாலை 5 மணிக்கு மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: 48.20க்கு வாங்க 100 பங்கு, 51.50க்கு விற்க 200, அதற்கு மேல் 52.40க்கு 200, 54க்கு இன்னொரு 200. இரண்டு காசாக இருந்த இடைவெளி இப்போது 3 டாலர் 30 காசு.

எந்தச் செய்தியும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 100 பங்கு வாங்குகிறார். அவருக்கு 51.50க்குக் கிடைக்கிறது. திரையில் '3 சதவீதம் உயர்வு' என்று பச்சையில் வருகிறது. அடுத்த நிமிடம் வேறொருவர் 100 பங்கை 48.20க்கு விற்கிறார். இப்போது '3.6 சதவீதம் சரிவு' என்று சிவப்பு. நிறுவனத்தில் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் தன் மதிப்பீட்டை மாற்றவுமில்லை. வாங்கும் ஆர்டருக்கும் விற்கும் ஆர்டருக்கும் நடுப்புள்ளி 49.85, கிட்டத்தட்ட பழைய விலையேதான். கடைசி வியாபாரம் இடைவெளியின் எந்தக் கரையில் நடந்தது என்பதைத்தான் அந்தப் பச்சையும் சிவப்பும் காட்டின.

இன்னொருவர் 100 பங்குக்குப் பதிலாக 500 பங்கு வேண்டும் என்கிறார். முதல் 200 அவருக்கு 51.50க்கும், அடுத்த 200 52.40க்கும், மீதி 100 54க்கும் கிடைக்கும். சராசரி 52.36. ஆனால் திரையில் நிற்பது கடைசி விலையான 54, அதாவது 8 சதவீத உயர்வு. சுமார் 26 ஆயிரம் டாலர் ஒரு பெரிய நிறுவனத்தின் விலையை 8 சதவீதம் தூக்கிவிட்டதாகத் தோற்றம். அதே மனிதர் உடனே மனம் மாறி விற்கப் போனால், 48.20க்கு வாங்க ஆள் இருப்பது 100 பங்குக்கு மட்டும். மற்ற 400க்கு இன்னும் கீழே இறங்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு சென்ட்ரல் வாசலில் ஆட்டோக்காரர் சொல்லும் தொகையை வைத்து ஊரின் ஆட்டோ கட்டணத்தைக் கணக்கிட்ட மாதிரிதான் இது.

இடைவெளி இவ்வளவு விரிவதற்கு ஆள் குறைவு என்பது பாதிக் காரணம்தான். இன்னொரு பாதி பயம். பகலில் எப்போதும் வாங்கவும் விற்கவும் விலை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் மார்க்கெட் மேக்கர்கள். பங்குக்கு அவர்கள் ஒரு காசு, இரண்டு காசு லாபம் பார்ப்பது, எதிரே வருகிறவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஆட்கள் என்ற நம்பிக்கையில். முடிவுகள் வெளியான 4.05க்கு எதிரே வருவது யார்? அறிக்கையை நொடிக்குள் படித்துவிட்ட கணினி நிரலாக இருக்கலாம். தனக்குத் தெரியாத எதையோ தெரிந்துகொண்டவரிடம் வியாபாரம் செய்தால் நஷ்டம் உறுதி. அதனால் அவர்கள் விலையை அகல வைக்கிறார்கள், அளவைச் சுருக்குகிறார்கள், அல்லது ஒதுங்கிக்கொள்கிறார்கள். இருபுறமும் விலை சொல்லியே ஆகவேண்டும் என்று பகலில் அவர்களுக்கு இருக்கும் கடமை இந்த நேரத்தில் இல்லை. தனிப் பங்குகளின் ஆப்ஷன் சந்தையும் மூடிவிடுவதால், கையில் ஏறிய பங்குக்கு அங்கே காப்புத் தேடவும் வழியில்லை. இந்த நிலையில் அகலமான விலை சொல்வதை நான் பேராசை என்று சொல்ல மாட்டேன்.

இதை வைத்து ராத்திரி விலை முழுப் பொய் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. மைக்கேல் பார்க்லே, டெரன்ஸ் ஹெண்டர்ஷாட் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அலசியது. வழக்கமான நேரத்துக்கு வெளியே நடக்கும் ஒவ்வொரு வியாபாரத்திலும், பகல் வியாபாரத்தைவிட அதிகத் தகவல் பொதிந்திருக்கிறது. ஆனால் அதோடு இரைச்சலும் அதிகம் என்பது அவர்கள் கண்டது. அதாவது திசை பலமுறை சரியாக இருக்கும்; அளவு நம்பத்தக்கதல்ல. சில நேரம் திசை சரியாக இருந்தும் அளவு மிகக் குறைவாக இருப்பதுண்டு. 2018 ஜூலை 25 மாலை ஃபேஸ்புக் முடிவுகள் வந்ததும் பங்கு சரிந்தது. ஆனால் பெரிய அடி விழுந்தது அதற்குப் பிறகு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், வருவாய் வளர்ச்சி வேகம் இன்னும் குறையும் என்று நிதித் தலைவர் டேவிட் வேனர் சொன்னபோதுதான். சரிவு 20 சதவீதத்தைத் தாண்டியது. மறுநாள் சந்தை முடிவில் அது 19 சதவீதம். அறிக்கையை மட்டும் பார்த்து 'மலிவாகக் கிடைக்கிறது' என்று முதல் அரை மணியில் பாய்ந்து வாங்கியவர்கள் பாதிச் செய்தியைத்தான் படித்திருந்தார்கள். அந்தக் கூட்டம் முடியும்வரை வந்த விலையை இறுதி என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

ஆக, காலையில் செல்போனில் 12 சதவீத உயர்வைப் பார்க்கிறவர் அந்தச் சதவீதத்தை விட்டுவிட்டு, அப்போது நிற்கும் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும், அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் பங்கு எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 'கடைசி விலை'யை மட்டும் காட்டும் ஆப்கள் இந்த விஷயத்தில் உதவாது. லட்சக்கணக்கான பங்கு கைமாறி, இடைவெளியும் சில காசுகளாகச் சுருங்கியிருந்தால் அந்த விலைக்கு ஓரளவு எடை உண்டு. சில நூறு பங்குதான் கைமாறியிருக்கிறது என்றால் அதை வைத்து வீட்டுக் கடனைக் கணக்குப் போட வேண்டாம். அமெரிக்க அதிகாரப்பூர்வப் பதிவுகளே இந்த வேறுபாட்டைக் காக்கின்றன. நேரத்துக்கு வெளியே நடந்த வியாபாரங்கள் தனிக் குறியோடுதான் பதிவாகும். மொத்த அளவில் சேருமே தவிர, அன்றைய உச்ச விலை, அடிமட்ட விலை, முடிவு விலை எதையும் மாற்றாது.

நம் ஊர் என்.எஸ்.ஈ.யில் காலை 9 முதல் 9.15 வரை நடக்கும் ப்ரீ ஓப்பன் வேறு வகை. அங்கே ஆர்டர்களை முதலில் சேர்த்து வைத்து, மிக அதிகப் பங்கு கைமாறக்கூடிய ஒரே விலையில் மொத்தமாக முடிக்கிறார்கள். அதனால் ஒற்றை ஆர்டர் விலையை அலைக்கழிப்பது கடினம். ஆனாலும் ஆர்டர்கள் சேரும் நிமிடங்களில் திரையில் ஓடும் உத்தேச விலைக்கு மயங்க வேண்டாம். அந்த ஆர்டர்களை அப்போது திருத்தலாம், ரத்தும் செய்யலாம். அமெரிக்காவிலும் 9.30க்கு இதே போன்ற தொடக்க ஏலம் உண்டு. இரவெல்லாம் ஒதுங்கி நின்றவர்கள் அங்கேதான் மொத்தமாக வருகிறார்கள். முந்தைய மாலையின் துள்ளல் பாதியாகக் குறைவதும், சில சமயம் திசையே மாறுவதும் அங்கே நடக்கும்.

அதற்கு முன்பே விற்றாக வேண்டும் என்பவருக்குப் பெரும்பாலான புரோக்கர்கள் லிமிட் ஆர்டர் மட்டுமே அனுமதிக்கிறார்கள்: இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று எழுதிக் கொடுக்கும் ஆர்டர். அது நிறைவேறாமலே போகலாம், அல்லது 500இல் 100 மட்டும் விற்கலாம். ஸ்டாப் லாஸ் போட்டிருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண ஸ்டாப் ஆர்டர் பெரும்பாலும் வழக்கமான நேரத்தில் மட்டுமே விழித்திருக்கும். 45 டாலரில் ஸ்டாப் போட்டிருக்க, மாலையில் விலை 40க்கு விழுந்து மீண்டும் 47க்கு வந்தால் உங்கள் பங்கு உங்களிடமே இருக்கும். விழுந்தது மீளாமல் காலையில் 41க்குத் திறந்தால், 45க்கு அல்ல, 41ஐ ஒட்டித்தான் விற்கும்.