இரண்டே நாள் பேச்சு, உடனே கல்யாணமா?

கோவையில் வேலை பார்க்கும் ஒரு பெண். வரன் தேடும் செயலியில் தன் படத்தையும் விவரத்தையும் போட்டிருக்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு வாலிபரிடம் இருந்து செய்தி வருகிறது. படிப்பு, வேலை, சினிமா என்று பேச்சு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எழுதுகிறார்: "நீதான் என் மனைவி. அடுத்த மாதமே கல்யாணம். என்ன சொல்கிறாய்?"

அவருடைய குரலைக் கூட அவள் இன்னும் கேட்கவில்லை!

"பெண் பார்த்த அன்றே தட்டு மாற்றுவது இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஆனால் அதற்கு முன்பே வீட்டார் அக்கம்பக்கத்திலும், வேலை செய்யும் இடத்திலும் விசாரித்து இருப்பார்கள். இங்கே அந்த விசாரணையே நடக்கவில்லை.

சாக்கு சொல்லாதீர்கள்

"வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள்" என்று எழுதினால், "உன் அப்பாவிடம் நானே பேசுகிறேன்" என்பார். "இப்போது வேண்டாம்" என்றால், "காத்திருக்கிறேன்" என்பார். பேசாமல் இருந்தாலோ, மவுனம் சம்மதம் என்று நினைத்துக் கொள்வார்.

ஆகவே, அவள் முதலில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். ஆளே வேண்டாமா? அல்லது அவசரம்தான் பிடிக்கவில்லையா?

அவசரம்தான் பிடிக்கவில்லை என்றால் இப்படி எழுதலாம்:

"உங்களுடன் பேசுவது பிடித்து இருக்கிறது. ஆனால் இரண்டு நாளில் கல்யாண முடிவு எடுக்க என்னால் முடியாது. முதலில் வீடியோவில் பேசுவோம். பிறகு இரு வீட்டாரும் சந்திக்கட்டும்."

நல்ல எண்ணம் உள்ளவர் பெரும்பாலும் இதற்கு ஒப்புக்கொள்வார். மோசக்காரர் நழுவுவார். கேமரா கெட்டுவிட்டது என்பார். வெளிநாட்டில் இருக்கிறேன் என்பார். சில நாளில், "உனக்கு அனுப்பிய பரிசு சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. பணம் கட்டு" என்று செய்தி வரும். ஒரு காசும் அனுப்பக்கூடாது! ஏமாந்து அனுப்பி விட்டால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும். தாமதம் செய்தால் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினம்.

ஆளே வேண்டாம் என்றால்?

அன்றைக்கே எழுதிவிடுவது நல்லது:

"மனம் திறந்து சொன்னதற்கு நன்றி. எனக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பம் இல்லை. இது என் முடிவான பதில். உங்களுக்கு நல்ல இடம் அமைய வாழ்த்துகிறேன்."

நிறம், சம்பளம், ஊர் என்று காரணம் எதுவும் எழுத வேண்டாம். காரணம் சொன்னால் அதை வைத்தே வாதம் தொடங்கும். அவர் மனமும் வீணாகப் புண்படும்.

"ஏன்?" என்று அவர் கேட்டால், "என் பதில் அதுதான். மன்னியுங்கள்" என்று ஒரு முறை சொன்னால் போதும்.

பிறகும் தொல்லை கொடுத்தால், செயலியில் புகார் செய்துவிட்டு, அவருடைய தொடர்பைத் தடுத்துவிடலாம். ஆனால் அதற்கு முன் பேச்சு முழுவதையும் திரையில் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். சில செயலிகளில், தொடர்பைத் துண்டித்த உடனே பழைய செய்திகளும் மறைந்துவிடும். போலீசில் காட்ட எதுவும் மிஞ்சாது.